முற்பணம் போன பின் வங்கிக்குச் சேர வேண்டிய கஸ்டெக்: வன்னி இறக்குமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வெளிநாட்டுக்கு முற்பணம் அனுப்பி இயந்திரமும் உதிரிப்பாகமும் மீன்பிடி உபகரணமும் தருவிக்கும் ஆலை உரிமையாளர்கள், வணிகர்கள், கூட்டுறவுச் சங்கங்கள் அனைவருக்கும்.

இறக்குமதிக்கு முற்பணம் அனுப்பும்போது, பணம் வங்கி வழியாகப் போகிறது. ஆவணங்கள் வங்கி வழியாக வருவதில்லை. முற்பணக் கணக்குகளில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன. நாணயக் கடிதம், அதாவது எல்.சி., திறந்து பொருள் தருவித்தால் விற்பனையாளர் இன்வொய்ஸையும் பி.எல்.லையும் தன் வங்கியிடம் கொடுப்பார்; அவை வங்கியிலிருந்து வங்கிக்கு வந்து சேர்ந்த பின்பே இறக்குமதியாளரின் கைக்குப் போகும். பொருள் கப்பலேறியதற்கான சான்று வங்கியின் கோவையில் தானாகவே இருக்கும். முற்பணத்தில் அப்படியில்லை. பணத்தை முன்னரே பெற்றுக்கொண்ட விற்பனையாளர் ஆவணங்களைக் கூரியரில் நேரே இறக்குமதியாளருக்கு அனுப்புவார். சில வேளை மூலப் பி.எல். கூட வராது, டெலக்ஸ் ரிலீஸ் என்ற முறையில் கப்பல் முகவருக்குத் தகவல் மட்டும் போய்ப் பொருள் விடுவிக்கப்படும். டொலரை அனுப்பிய வங்கிக்கு அதன் பின் என்ன நடந்தது என்பது, இறக்குமதியாளர் கொண்டுவந்து காட்டும் வரை தெரியாது.

தெரியாமலே விட்டுவிடவும் வங்கிக்கு முடியாது. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வங்கி அந்தக் கொடுப்பனவு உண்மையானதுதானா என்று திருப்திப்பட வேண்டும் என எதிர்பார்க்கிறது. இறக்குமதிக்கென்று போன பணத்துக்கு உண்மையில் பொருள் வந்ததா என்பதே அந்தக் கேள்வியின் மையம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை நிறுத்திவைக்கும் அளவுக்கு டொலர் வற்றிய அனுபவத்தின் பின் இந்தக் கேள்வியைச் சம்பிரதாயம் என்று ஒதுக்குவதற்கு இடமில்லை. ஆகவே முற்பணம் அனுப்பும்போது, இறக்குமதி ஆவணங்களைக் குறித்த காலத்துக்குள் சமர்ப்பிப்பதாக ஓர் உறுதிமொழியில் இறக்குமதியாளர் கையெழுத்திட வேண்டியிருக்கும். விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் வாசிக்கப்படாமல் கையெழுத்தாகும் பத்தி பெரும்பாலும் அதுவே. காலக்கெடு எத்தனை நாள் என்பதும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

பணம் போனதும் வங்கி தரும் தாளை ரெமிட்டன்ஸ் அட்வைஸ் என்கிறார்கள். இது இரு வடிவில் கிடைக்கும். ஒன்று, கணக்கிலிருந்து எத்தனை ரூபா, எந்த மாற்று வீதத்தில், என்ன தரகுடன் கழிக்கப்பட்டது என்று காட்டும் பற்று அறிவித்தல். மற்றையது, வங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிய சுவிஃப்ட் செய்தியின் பிரதி. வாடிக்கையாளர்கள் பலர் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆவணம் சமர்ப்பிக்கும் நாளில் உதவப்போவது இரண்டாவது. பெறுநரின் பெயர், அனுப்பப்பட்ட வெளிநாட்டு நாணயத் தொகை, எந்த இன்வொய்ஸுக்கான பணம் என்ற குறிப்பு ஆகிய மூன்றும் முழுமையாகவும் ஒருசேரவும் இருப்பது அதில்தான். எனவே பணம் அனுப்பிய அன்றே இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பின்தொடர்ந்தால் இதன் வழிமுறை தெளிவாகும். பெயர்களும் தொகைகளும் விளக்கத்துக்காக அமைத்தவை, நடைமுறை வழமையானது. கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலை, கறுப்பரிசியையும் கல்லையும் ஒளியால் இனங்கண்டு ஒதுக்கும் கலர் சோட்டர் இயந்திரம் ஒன்றைச் சீனாவின் ஹெஃபே நகரிலிருந்து வாங்குகிறது. இவ்வகை இயந்திரங்களின் உற்பத்திக்குப் பெயர்பெற்ற நகரம் அது. புரோஃபோர்மா இன்வொய்ஸின்படி விலை 24,000 டொலர், எஃப்.ஓ.பி. முறையில்; அதாவது சீனத் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரையான செலவு விற்பனையாளருடையது, கப்பல் கூலியும் காப்புறுதியும் வாங்குபவருடையவை. ஓடருடன் 30 சதவீதம், கப்பலேற்றுமுன் 70 சதவீதம் என்பது பேச்சு. அதன்படி 2024 மார்ச் 18இல் 7,200 டொலரும், இயந்திரம் தயாரானதும் மே 6இல் 16,800 டொலரும் போகின்றன. முதல் ரி.ரி.க்கான சுவிஃப்ட் பிரதியில் முக்கியமான வரிகள் இப்படி இருக்கும்:

```
:20:TT24031800457
:32A:240318USD7200,00
:70:ADV 30PCT PI CS-0311
:71A:OUR
```

முதல் வரி வங்கி இந்த அனுப்புகைக்குக் கொடுத்த இலக்கம். வங்கியின் பதிவேட்டில் இந்தப் பணம் இந்த இலக்கத்தின் கீழ்தான் நிலுவையாக நிற்கும். வாடிக்கையாளரின் பெயரோ கணக்கிலக்கமோ அந்த வேலைக்குப் போதாது. இரண்டாவது வரியில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் பெறுமதித் திகதியும் நாணயமும் தொகையும் உள்ளன. தசமத்துக்குப் புள்ளியல்ல, காற்புள்ளி. மூன்றாவது, பணம் எதற்கானது என்பதைச் சொல்கிறது. நான்காவது, இடைவழி வங்கிகளின் கட்டணம் யார் தலையில் என்பதைக் காட்டுகிறது. அதில் `OUR` என்று இருந்தால் அனுப்புபவர் ஏற்கிறார். `SHA` என்றிருந்தால் அனுப்புபவரின் பக்கக் கட்டணம் மட்டும் அவருடையது, வழியில் கழிபடுவது பெறுபவரின் தொகையிலிருந்து போகும்.

2025 நவம்பருடன் வங்கிகளுக்கிடையிலான கொடுப்பனவுகளில் இந்தப் பழைய `MT103` வடிவத்தின் காலம் முடிந்து, `pacs.008` என்ற புதிய வடிவம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. தாளின் தோற்றமும் தலைப்புகளும் மாறினாலும் இலக்கம், திகதி, தொகை, பெறுநர், நோக்கம் ஆகியவை அங்கும் உண்டு. `UETR` என்ற 36 எழுத்து நீள அடையாளம் ஒன்றும் உடன் வரும். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேடுவதற்கு அது பயன்படும். ஆவணக் கோவையை முடிப்பதற்கு எப்போதும் கேட்கப்படுவது வங்கியின் சொந்த இலக்கமே.

இந்தத் தாள் எதைச் சொல்லவில்லை என்பதும் கவனத்துக்குரியது. பணம் வங்கியை விட்டுப் போயிற்று என்பதற்கு மட்டுமே அது சான்று. பொருள் வந்தது என்பதற்கோ, வந்த பொருளின் ஆவணங்கள் வங்கியில் சேர்ந்தன என்பதற்கோ அது சான்றாகாது. ‘வங்கித் தாள் எல்லாம் பைலில் இருக்கிறது’ என்று ஒருவர் நிம்மதியாக இருக்கும்போதே, அதே தாளின் இலக்கம் வங்கியில் ஆவணம் வராத நிலுவையாக நிற்கக்கூடும். அந்தத் தாளைத் திறவுகோலாகக் கொண்டு, இலக்கத்துக்கு இலக்கம் பொருத்திப் பார்த்தால்தான் சமர்ப்பிப்பு உறுதியாகும்.

மே நடுப்பகுதியில் இயந்திரம் கப்பலேறி, ஜூன் தொடக்கத்தில் கொழும்புத் துறைமுகத்தை அடைகிறது. வாஃப் கிளாக் சுங்கத்தின் அசிக்குடா முறைமையில் கஸ்டெக் எனப்படும் சுங்கப் பிரகடனத்தைப் பதிந்து, தீர்வை செலுத்தி, பொருளை எடுக்கிறார். இப்போது வங்கிக்குப் போக வேண்டியவை நான்கு: இறுதி வணிக இன்வொய்ஸ், பி.எல். பிரதி, பக்கிங் லிஸ்ட், சுங்கம் விடுவித்த கஸ்டெக்கின் பிரதி. புரோஃபோர்மா இன்வொய்ஸை மீண்டும் கொடுப்பதில் பயனில்லை. அது விற்பனைக்கு முந்திய விலைக்கூற்று மட்டுமே, பணம் அனுப்பும்போதே வங்கியிடம் கொடுத்தாயிற்று. நான்கிலும் கனமானது கஸ்டெக். மற்ற மூன்றும் விற்பனையாளரோ கப்பல் கம்பனியோ தந்தவை. பொருள் இலங்கைக்குள் வந்தது என்பதை அரசின் பதிவாகச் சொல்வது அது ஒன்றுதான். பதிவிலக்கம், ஆண்டு, சுங்க அலுவலகக் குறியீடு ஆகியவை தெளிவாகத் தெரியும் பிரதியாக அது இருக்க வேண்டும். அவை மங்கிய போட்டோப் பிரதியை வங்கி சரிபார்க்க முடியாது.

இனி தொகைகளைப் பொருத்துவது. மிகுதியான குழப்பம் இங்கேதான், ஆகவே இதற்குச் சற்றுக் கூடுதல் இடம் தேவை. எடுத்துக்காட்டில், உடன் வரவேண்டிய ஒரு சிறு காற்றழுத்தப் பாகத்தை விற்பனையாளர் அனுப்பவில்லை. அதற்கான 200 டொலரைக் குறைத்து இறுதி இன்வொய்ஸை 23,800 என்று போட்டிருக்கிறார். கப்பல் கூலி 850, காப்புறுதி 60. சுங்கம் தீர்வையைக் கணக்கிடுவது கூலியும் காப்புறுதியும் சேர்ந்த சி.ஐ.எஃப். பெறுமதியில் என்பதால் கஸ்டெக்கில் 24,710 டொலர் தெரிகிறது. வங்கிப் பதிவில் போன பணம் 24,000. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், பணத்தைவிடப் பொருளின் பெறுமதி 710 டொலர் கூட, எனவே கோவை சரி என்று முடிவெடுத்துவிடலாம். அல்லது இன்னும் 710 டொலர் கடன் இருப்பதாக நினைத்து அதற்கும் ஒரு ரி.ரி. போடலாம். இரண்டுமே பிழை. கப்பல் கூலியும் காப்புறுதியும் கொழும்பில் ரூபாவில் கட்டப்பட்டவை. அவற்றுக்கும் இந்த இரு அனுப்புகைகளுக்கும் தொடர்பில்லை. ஒப்பிட வேண்டியது அனுப்பிய 24,000ஐயும் எஃப்.ஓ.பி. இன்வொய்ஸின் 23,800ஐயும். அப்படிப் பார்த்தால் 200 டொலர் விற்பனையாளரிடம் மிகுதியாக நிற்கிறது என்பது வெளிப்படும்.

அந்த 200 டொலரை வாயால் விளக்கித் தீர்க்க முடியாது. விற்பனையாளர் அதைத் திருப்பி அனுப்பினால், உள்வந்த பணத்தின் வங்கி அறிவித்தலில் பழைய அனுப்புகை இலக்கம் குறிப்பிடப்படும்படி செய்து அதையும் கோவையில் சேர்க்கலாம். அடுத்த ஓடரில் கழிப்பதாக இருந்தால், கிரெடிட் நோட் ஒன்றை எழுதி வாங்கி வங்கிக்குக் கொடுக்கலாம். அடுத்த இன்வொய்ஸ் வரும்வரை அந்தச் சிறு தொகை நிலுவையாகவே நிற்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இன்வொய்ஸை 24,000 என்றே மாற்றித் தரும்படி விற்பனையாளரைக் கேட்பது மட்டும் கூடாது. சுங்கத்துக்கு ஓர் இன்வொய்ஸ், வங்கிக்கு வேறோர் இன்வொய்ஸ் என்றாகிவிடும்; 200 டொலர் விடயம் பொய் ஆவண விடயமாக மாறிவிடும்.

எதிர்ப்புறமாகவும் இது நடக்கும். ரி.ரி. `SHA` முறையில் போயிருந்தால் இடைவழி வங்கி இருபது, முப்பது டொலரைக் கழித்துக்கொள்ள, விற்பனையாளர் தமக்குப் பணம் குறைவாக வந்ததென்று அறிவிப்பார். இதனால் வங்கியின் நிலுவைத் தொகை மாறுவதில்லை. சுவிஃப்ட் பிரதியில் உள்ள அனுப்பிய தொகையே பொருத்துவதற்கு உரியது. குறைந்த பணத்தை நிரப்பப் பிறகு ஒரு சிறு ரி.ரி. போடப்பட்டால் அதற்கும் தனி இலக்கம் பிறக்கும். அதற்கும் ஒருநாள் ஆவணம் காட்ட வேண்டிவரும். தொடக்கத்திலேயே `OUR` என்று குறிப்பிடுவதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். முற்பண அனுப்புகையைப் பொறுத்தவரை அந்தச் செலவு தகும்.

இரு அனுப்புகைகளுக்கு ஒரே கஸ்டெக் என்பதும் கவனிக்க வேண்டியது. வங்கியின் பதிவேட்டில் மார்ச்சில் போன 7,200 ஒரு வரி, மேயில் போன 16,800 இன்னொரு வரி. ஆவணங்களைப் பிந்திய இலக்கத்தை மட்டும் குறிப்பிட்டுக் கொடுத்தால் அந்த வரி மூடப்படும். முந்தியது அப்படியே நிற்கும். பல மாதங்களின் பின் வங்கியிலிருந்து நினைவூட்டல் கடிதம் வரும்போது, எல்லாம் கொடுத்தாயிற்றே என்று இறக்குமதியாளர் திகைப்பதற்கு இதுவே வழமையான காரணம். காலக்கெடு ஒவ்வோர் அனுப்புகைக்கும் அதன் சொந்தத் திகதியிலிருந்து ஓடுவதால், முதற்பணத்தின் கெடு ஏழு வாரம் முன்னதாகவே முடிந்துவிடும். இயந்திரம் தயாராவதில் தாமதம் ஏற்பட்டால், கெடு முடியுமுன் விற்பனையாளரின் தாமதக் கடிதத்தை இணைத்து வங்கியிடம் எழுத்தில் கால நீடிப்புக் கேட்பதே முறை.

ஆகவே ஆவணங்களுடன் போகும் முகக் கடிதத்தில் சில விவரங்கள் தவறாமல் இடம்பெற வேண்டும்: இரு அனுப்புகை இலக்கங்களும் அவற்றின் திகதிகளும் தொகைகளும், இறுதி இன்வொய்ஸின் இலக்கமும் தொகையும், அது எந்தப் புரோஃபோர்மாவிலிருந்து வந்தது என்பதும், கஸ்டெக் இலக்கமும் திகதியும், 23,800இல் 7,200 முதல் அனுப்புகைக்கும் 16,600 இரண்டாவதுக்கும் உரியது, இரண்டாவதில் 200 மிகுதி என்ற பிரிப்பு, கஸ்டெக் பெறுமதிக்கும் இன்வொய்ஸுக்கும் இடையிலான 910 டொலர் கூலியும் காப்புறுதியும் என்ற விளக்கம், அவற்றின் பற்றுச்சீட்டுப் பிரதிகளுடன். ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. இரு சுவிஃப்ட் பிரதிகளையும் இதன் பின் இணைத்தால், கோவையைத் திறக்கும் உத்தியோகத்தருக்குத் தேடும் வேலை இராது.

வன்னியின் நிலைமைக்கு உரிய ஒரு சங்கதி இங்கே உண்டு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள கிளை பெரும்பாலும் ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளும் இடம்தான். முற்பணப் பதிவேட்டை வைத்திருப்பதும் வரிகளை மூடுவதும் கொழும்பிலுள்ள வர்த்தகப் பிரிவாக இருக்கும். ஏ9 வீதி வழியாகப் பையில் போகும் தாள்களோ கிளையில் ஸ்கேன் செய்து அனுப்பப்படும் படங்களோ அங்கே சேர்ந்து, சரிபார்க்கப்பட்டு, இலக்கத்துக்கு எதிரே பதியப்படும் வரை சமர்ப்பிப்பு நிறைவேறவில்லை. கிளையின் கருமபீடத்தில் கிடைக்கும் இறப்பர் முத்திரை தாள் கையளிக்கப்பட்டதைக் காட்டுகிறது; முகக் கடிதத்தின் இரண்டாம் பிரதியில் அதைத் திகதியுடன் பெறுவது அவசியம், கெடுவுக்குள் கொடுத்ததற்கு அதுவே ஆதாரம். அதற்கு மேலே, ஒவ்வோர் அனுப்புகை இலக்கத்தையும் குறிப்பிட்டு, அதற்கெதிரே ஆவணம் ஏற்கப்பட்டது, நிலுவை இவ்வளவு அல்லது பூச்சியம் என்று வர்த்தகப் பிரிவிலிருந்து மின்னஞ்சலிலோ கடிதத்திலோ பதில் பெற வேண்டும். ‘கிடைத்தது, பார்க்கிறோம்’ என்ற பதில் அந்த இடத்தை நிரப்பாது. எடுத்துக்காட்டிலுள்ள ஆலைக்குச் சரியான பதில், முதல் இலக்கத்தில் நிலுவை இல்லை, இரண்டாவதில் 200 டொலர் நிலுவை என்பதாக இருக்கும். முழுதும் மூடப்பட்டதாக வங்கி எழுதினால் அந்த 200 டொலர் யார் கண்ணிலும் படவில்லை என்று பொருள். அதையும் எடுத்துச் சொல்வதே முறை.

எந்தக் கடிதத்தாலும் திருத்த முடியாத பிழை ஒன்றும் உண்டு. சிறு வணிகர்களிடம் அதிகம் காணப்படுவதும் அதுவே. பணத்தைத் தன் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டு, பொருளைக் கொழும்பிலுள்ள வேறொருவரின் கொள்கலனில் சேர்த்து, அவருடைய வரி இலக்கத்தில் சுங்கத்திலிருந்து எடுப்பித்துக்கொள்வது. வலை உருளையோ நீர்ப்பம்பி உதிரிப்பாகமோ சில பெட்டிகள்தான் என்றால், தனியே சுங்கம் தீர்க்கும் செலவு பெரிதாகத் தெரியும். அதனால் இந்த வழி மலிவாகப் படும். ஆனால் கஸ்டெக்கில் பொருள் பெறுபவர் கொழும்புக்காரர். ரெமிட்டன்ஸ் அட்வைஸில் பணம் அனுப்பியவர் முல்லைத்தீவுக்காரர். பொருள் உண்மையாகவே வந்து கடையில் விற்கப்பட்டுவிட்டாலும், வங்கியின் கண்ணில் ஒருவர் பணம் அனுப்பிப் பொருள் தருவிக்கவில்லை, இன்னொருவர் பணம் அனுப்பாமல் பொருள் தருவித்திருக்கிறார். கஸ்டெக்கை முடிந்த பின் பெயர் மாற்றி எழுத முடியாது. பொருள் எவர் பெயரில் சுங்கம் தீர்க்கப்படுமோ அவர் கணக்கிலிருந்தே பணமும் போக வேண்டும் என்பதை ரி.ரி. படிவம் நிரப்புமுன் முடிவு செய்தாக வேண்டும்.

விற்பனையாளர் பக்கத்திலும் இதே வகை விலகல் வரும். இயந்திரம் ஆலையிலிருந்து வருகிறது. பணமோ அதன் ஏற்றுமதி முகவரின் கணக்குக்கு, சில வேளை வேறொரு நகரிலுள்ள கணக்குக்கு, அனுப்பக் கேட்கப்படுகிறது. பணம் பெற்றவரின் பெயரும் இன்வொய்ஸ் எழுதியவரின் பெயரும் வேறாக இருந்தால், இருவருக்கும் உள்ள உறவையும் பணம் பெறும் அதிகாரத்தையும் விளக்கும் கடிதம் ஒன்றை விற்பனையாளரின் கடிதத் தலைப்பில், பணம் போகுமுன்பே பெற்றுக்கொள்ள வேண்டும். முழுப் பணமும் கைக்குப் போன பின் அந்தக் கடிதத்தை எழுதித்தர அவர்களுக்கு அவசரம் இராது. கணக்கு விவரம் இடைவழியில் திடீரென மாறி மின்னஞ்சலில் வந்தால் அது திருட்டாகவும் இருக்கலாம் என்பதால், முன்னரே தெரிந்த தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் கேட்காமல் இரண்டாவது ரி.ரி.யை அனுப்பக் கூடாது.

பொருள் வராமலே போனால் கஸ்டெக் என்று ஒன்று இராது. அப்போது நிலுவையை மூடக்கூடியது திரும்பிவந்த பணத்தின் உள்வரவு அறிவித்தல் ஒன்றே. பணமும் வரவில்லையென்றால் விற்பனையாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, எடுத்த நடவடிக்கை, முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றை வங்கிக்குக் கொடுத்து நிலைமையைப் பதிவு செய்விக்கலாம். நிலுவை அதனால் நீங்காது. அடுத்த முற்பணத்துக்கு அந்த வங்கி தயங்கவும் கூடும். ஆனால் காரணம் பதிவாகாத நிலுவையைவிட, காரணம் பதிவான நிலுவையை வைத்து வங்கியுடன் பேச முடியும்.

கோவை முடிந்த பின் இரு சுவிஃப்ட் பிரதிகள், பற்று அறிவித்தல்கள், முத்திரையிட்ட முகக் கடிதம், நான்கு ஆவணங்கள், வர்த்தகப் பிரிவின் நிலுவைப் பதில் எல்லாவற்றையும் அனுப்புகை இலக்கத்தின் பெயரிட்ட ஒரே பைலில் வைக்கலாம். வரித் திணைக்களம் இயந்திரத்தின் கொள்விலைக்குச் சான்று கேட்கும்போதும், அதே விற்பனையாளருக்கு அடுத்த ரி.ரி. போடுமுன் பழைய நிலுவை பற்றி வங்கி விசாரிக்கும்போதும் எடுத்துக் கொடுக்க வேண்டியது அந்தப் பைலே.